அப்பாவின்ர தலையில முளைச்ச கரண்ட் போஸ்ட்: படம் திருத்தக் குடுக்கிற ஆக்கள் கவனம்

அப்பாவின்ர 31ஆம் நாளுக்குப் படம் பெருசாக்கக் குடுத்து நான் ஏமாந்த கதை இது. கடையின்ர பேர் எழுதேல்லை. ஏ9 றோட்டோரம் உள்ள ஒரு இடம் எண்டு மட்டும் வச்சுக்கொள்ளுங்கோ.

2009இல எங்கட அல்பம் எல்லாம் போட்டுது. மிஞ்சினது அடையாள அட்டைப் படமும், பிறகு 2014இல தம்பி வெளிநாட்டில இருந்து வந்து நிண்டபோது எடுத்த ஒரு படமும்தான். அதில அப்பா வீட்டுப் படலையடியில நிண்டு சிரிக்கிறார். அவர் சிரிச்ச படம் வேற இல்லை. பிரச்சினை, பின்னால நிண்ட கொங்கிறீற் கரண்ட் போஸ்ட் நேரா அவற்ற உச்சந்தலையில இருந்து முளைச்சு வானத்துக்குப் போகுது. உயிரோட இருக்கேக்க அவரே அதைச் சொல்லிச் சிரிச்சவர், "என்னில கரண்ட் எடுக்கலாம் போல" எண்டு.

போஸ்ட்டை எடுத்து, 16க்கு 20 இஞ்சியில அடிச்சு, பிறேமும் போட்டு 6500 ரூபா எண்டு பேசினம். 3000 முற்பணம். "வட்ஸ்அப்பில போட்டு விடுங்கோ அக்கா, காணும்" எண்டார் பெடியன். நானும் போட்டு விட்டன். முதல் பிழை அங்க துவங்கினது. வட்ஸ்அப்பில படமாப் போட்டால் அது சுருங்கித்தான் போகும், எனக்குக் கிடைச்ச படம் நீளப்பக்கம் 1600 புள்ளி. அதை 20 இஞ்சிக்கு இழுத்தால் ஒரு இஞ்சிக்கு 80 புள்ளிதான் வரும். தம்பியின்ர கமராவில இருந்த மூலப்படம் 4000 புள்ளி, அதே அளவில இஞ்சிக்கு 200. படத்தில தலைமயிர் திருத்திறவர் மூலப்படத்தைத்தான் முதல்ல கேக்கவேணும். அந்தக் கடையில ஒருத்தரும் கேக்கேல்லை.

நாலாம் நாள் பிறேமோட தந்தினம். அம்மா ஒரு நிமிஷம் பாத்திட்டு, "கொப்பாவுக்கு ஏனடி தொப்பி போட்டனியள்?" எண்டா.

உண்மைதான். போஸ்ட் தொட்டது உச்சியில சின்ன ஒரு இடம். அதை மட்டும் திருத்தாமல், நெத்திக்கு மேல முழுத்தலையையும் ஒரு வளைவா வெட்டி, விளிம்பு முழுக்க ஒரே கறுப்பால நிரப்பியிருந்தினம். விளிம்பில ஒரு மயிர் கூட வெளியில நிக்கேல்லை. அப்பாவுக்கு நரை கலந்த மயிர், காத்துக்கு எழும்பி நிக்கிற மயிர். இன்னொண்டு, வலப்பக்க மயிரைக் கண்ணாடி மாதிரித் திருப்பி இடப்பக்கம் ஒட்டியிருந்தபடியால் ரெண்டு வகிடு. தலைக்கு மேல வானத்தில சாம்பல் நிறத்தில ஒரு தீற்று. பனை ஓலை ஒண்டு பக்கத்திலயே அச்சொட்டா இன்னொருக்கா முளைச்சிருந்தது. எல்லாத்தையும் விடப் பெரிய பகிடி, போஸ்ட் இல்லை, ஆனா அதில இருந்து போன வயர் ரெண்டும் வானத்தில அந்தரத்தில அறுந்து நிக்குது.

போய்க் கேட்டால், "படமே கிளியர் இல்லை அக்கா, இதுக்கு மேல ஒருத்தராலயும் ஏலாது" எண்டினம்.

ஏலும் எண்டு பிறகு கண்டன். வவுனியாவில என்ர மச்சான் ஒருத்தர் முந்தி ஸ்ரூடியோவில நெகட்டிவ் காலத்திலயே வேலை செய்தவர். தம்பியிட்ட மூலப்படத்தை ஈமெயிலில எடுத்து, அவருக்குப் பக்கத்தில கதிரை போட்டு இருந்து முழுதும் பாத்தன். ஒரு பின்னேரம் போனது.

அவர் முதல்ல தலையைத் தொடவே இல்லை. மூலப்படத்துக்கு மேல கண்ணாடித் தாள் மாதிரி வெறும் லேயர் ஒண்டு போட்டு, வானத்தில இருந்து துவங்கினார். வானம் மேல கடும் நீலம், கீழ வரவர வெளிறல். குளோன் ஸ்ராம்ப் எண்டது ஒரு இடத்தை அப்பிடியே பிரதி எடுத்து இன்னொரு இடத்தில ஒட்டிற சாமான். அதால அதுக்கு நிறம் எடுக்கேக்க அதே உயரத்தில எடுத்து, போஸ்ட்டின்ர இடப்பாதியை இடப்பக்க வானத்தாலயும் வலப்பாதியை வலப்பக்க வானத்தாலயும் மூடிக்கொண்டு வந்தார். வயரைப் படத்தின்ர ஓரம் வரைக்கும் துரத்திக்கொண்டு போய் முழுதா எடுத்தார். பனையில வேற ஓலை ஒண்டைக் கொஞ்சம் சரிச்சு வச்சார். திருப்பி வைக்கேல்லை. ஏனெண்டால் வெயில் இடப்பக்கத்தால விழுகுது, திருப்பினால் அந்த ஓலையில மட்டும் வெளிச்சம் வலப்பக்கம் நிக்கும்.

தலைக்குக் கிட்ட வந்ததும் ஒரு விசயம் காட்டினார். ஹீலிங் பிரஷ் எண்டது சுத்திவர இருக்கிற நிறத்தோட கலந்து நிரப்பிற சாமான். முகத்தில பரு எடுக்க அருமையா வேலை செய்யும். மயிரும் வானமும் சந்திக்கிற விளிம்பில அதைத் தேச்சால் மயிரின்ர கறுப்பு வானத்துக்க இழுபடும். கடைக்காரர் விட்ட சாம்பல் தீற்று அதுதான். மச்சான் அந்த விளிம்பில குளோனை மட்டும்தான் பாவிச்சார், அதுவும் கிட்டத்தட்ட கூரான ஓரத்தோட.

பிறகு மயிர். தலை 620 புள்ளி உயரம், போஸ்ட் 90 புள்ளி அகலம். ஆக அந்த 90 புள்ளி விளிம்பை மட்டும்தான் கட்டவேணும், மிச்சத் தலை அப்பிடியே அப்பாவின்ர. போஸ்ட்டும் சாம்பல், நரையும் சாம்பல் எண்டபடியால் அந்த இடத்தில எது மயிர், எது கொங்கிறீற் எண்டு படத்தில தெரியேல்லை. அடையாள அட்டையை எடுத்து வகிடு எந்தப் பக்கம், உச்சி எவ்வளவு உயரம் எண்டு பாத்தார். ரெண்டு பக்கத்திலயும் மிஞ்சியிருந்த மண்டை வளைவை இணைச்சு ஒரு கோடு கீறினார். திருத்திற இடத்தின்ர அதே பக்கத்தில, காதுக்கு மேல இருந்து ஒரு துண்டு மயிரை எடுத்து, சீவின போக்குக்கு ஏத்தமாதிரி வளைச்சு வச்சார். அப்பிடியே விட்டிருந்தால் ஒட்டின துண்டு எண்டு தெரிஞ்சிருக்கும்.

அதுக்கு மேல தனி லேயரில இழை இழையாக் கீறினார். பிரஷ் ரெண்டு புள்ளி அகலம், நுனி தேயிற மாதிரி. நாலஞ்சு இழைக்கு ஒருக்கா பக்கத்து மயிரில இருந்து புது நிறம் எடுத்தார், ஒருக்கா கறுப்பு, ஒருக்கா நரை. நீளம் ஒரு மாதிரி இல்லை, ரெண்டு மூண்டு இழை ஒண்டை ஒண்டு வெட்டிச்சுது, ஒண்டு வானத்துக்க நீட்டிக்கொண்டு நிண்டுது. இருபது இழைகூட வராது. "கூடப் போட்டால் தும்புத்தடி மாதிரி வரும்" எண்டார். கடைசியா, திருத்தின இடத்துக்கு மட்டும் மெல்லிசாப் புள்ளி மணல் தூவினார், ஏனெண்டால் கமராப் படத்தில எங்கயும் ஒரு சொரசொரப்பு இருக்கும். அது இல்லாத இடம் பிரிண்டில பிளாஸ்டிக் மாதிரி மினுங்கும்.

படலைக்கு மேல விழுந்த போஸ்ட்டின்ர மெல்லிய நிழல் ஒண்டை அவரும் விட்டிட்டார். நான்தான் காட்டினன், எடுத்தார்.

நீங்கள் குடுக்கிறதெண்டால், பிரிண்ட் அடிக்க முன்னம் பைலை வாங்குங்கோ, அதுவும் வட்ஸ்அப்பில டொக்கியுமென்ற்றா. போனிலயே வெளிச்சத்தைக் குறைச்சு கொன்ராஸ்ட்டைக் கூட்டிப் பாத்தால், வானத்தில தேச்ச இடம் திட்டுத் திட்டா வெளியில வரும். பிறகு தலைவிளிம்பைப் பெருசாக்கிப் பாருங்கோ. போஸ்ட் இருந்த இடத்தில விளிம்பு பக்கத்தை விடக் கூராவோ வழவழப்பாவோ இருந்தால் காசு குடுக்க வேண்டாம். எல்லாத்தலையும் இப்பிடித் திருத்தலாம் எண்டில்லை. போஸ்ட் முகத்தை மறைச்சிருந்தால் மச்சானாலயும் ஏலாது.

31ஆம் நாளுக்கு மச்சான் செய்ததைத்தான் வச்சம். கடைக்காரர் மிச்சம் 3500 கேட்டு நேற்றும் கோல் எடுத்தவர். அறுந்த வயரையும் ரெண்டு வகிட்டையும் வட்டம் போட்டு அவருக்கு அனுப்பி விட்டன். ரெண்டு நீலச் சரி விழுந்திட்டுது, பதில் இன்னும் வரேல்லை.