தேர்வில் ஓவர்ஃபிட்டிங்கை விளக்கச் சொன்னால், விடைக்கு எந்தப் படம்?

வரையறை முதலில் வரட்டும், அதில் தயக்கம் வேண்டாம்: பயிற்சித் தரவில் பிழை மிகக் குறைந்து, மாடல் பார்க்காத தரவில் பிழை கூடுவதே ஓவர்ஃபிட்டிங். பயிற்சிப் பிழை குறைவு என்று மட்டும் எழுதினால் அது பாதி வரையறைதான்.

எடுத்துக்காட்டுக்கு நான்கு புள்ளிகள் போதும்: (1,2), (2,5), (3,5), (4,8). இவற்றுக்குப் பொருந்தும் நேர்கோடு y = 1.8x + 0.5, சராசரி வர்க்கப் பிழை 0.45. மூன்றாம் படிப் பல்லுறுப்புக் கோவை நான்கையும் தொட்டுச் செல்லும், பிழை சுழியம். இப்போது x = 5 இல் உண்மை மதிப்பு 10 என்று வைப்போம். நேர்கோடு 9.5 சொல்கிறது, கோவையோ 20!

அடுத்து படம். இதே புள்ளிகளையும் இரு கோடுகளையும் வரைவது ஒரு வழி. வரைய எளிது, எடுத்துக்காட்டோடு ஒட்டும். ஆனால் ஐந்தாம் புள்ளியைக் குறிக்காவிட்டால் நெளியும் கோடுதான் சிறந்தது போலத் தெரியும். பலர் தடுக்குவது இங்கேதான்.

இன்னொன்று, மாடலின் சிக்கல்தன்மை கிடையச்சிலும் பிழை நிலையச்சிலும் வரும் படம். பயிற்சிப் பிழை இறங்கிக்கொண்டே போகும். பார்க்காத தரவில் வரும் சோதனைப் பிழை இறங்கிப் பிறகு ஏறும். ஏறும் பகுதியில் ‘ஓவர்ஃபிட்டிங்’ என்று எழுத வேண்டும். வரையறை அப்படியே படமாகிறது என்பதால், நீண்ட விடைக்கு நான் இதையே எடுப்பேன். நம் எண்களை மட்டும் இதில் ஏற்றாதீர்கள்: ஒரே சோதனைப் புள்ளியில் நேர்கோட்டின் சோதனைப் பிழை 0.25, அதாவது பயிற்சிப் பிழையைவிடக் குறைவு. படம் அதற்கு நேர்மாறாக இருக்கும்.