லாரி நிற்பது பள்ளத்திலா, பாலத்திலா? ஸ்வைப் டைப்பிங்கில் ஆங்கில எழுத்தும் தமிழ்99-உம்

கோத்தகிரிப் பக்கம் மழைக்காலத்தில் டிரைவர்களும் தேயிலை விவசாயிகளும் இருக்கிற வாட்ஸ்அப் குழுக்களில் அடிக்கடி வரும் செய்தி, எந்த வண்டி எங்கே மாட்டிக்கொண்டது என்பதுதான். "லாரி பள்ளத்துல நிக்குது" என்பதும் "லாரி பாலத்துல நிக்குது" என்பதும் வேறு வேறு செய்திகள். முதலாவதற்குக் கிரேன் வேண்டும், இரண்டாவதற்கு மாற்றுப் பாதை வேண்டும். ஆங்கில எழுத்துப் பலகையில் விரலை இழுத்து எழுதும்போது இந்த இரண்டு சொல்லுக்கும் கோடு ஒன்றேதான்.

காரணம் எளிது. விரல் போன பாதையைக் கீபோர்டு ஒரு கோடாகப் பார்க்கிறது. அகராதியில் உள்ள ஒவ்வொரு சொல்லுக்கும் விசைகளின் நடுப்புள்ளிகளை இணைத்த ஒரு மாதிரிக் கோடு உண்டு. நம் கோட்டின் வடிவமும் அது பலகையில் விழுந்த இடமும் எந்த மாதிரிக்கு நெருக்கம் என்று ஒப்பிடுகிறது. ஐபிஎம் ஆய்வகத்தில் ஷுமின் ஜாய், பெர் ஓலா கிறிஸ்டென்சன் இருவரும் 2004-இல் வெளியிட்ட முறையின் அடிப்படை இதுதான். பிறகு, முந்தைய சொற்களை வைத்து எந்தச் சொல் வர வாய்ப்பு அதிகம் என்ற கணக்கும் சேர்கிறது.

இதில் ஒரு ஓட்டை உண்டு. ஒரே எழுத்து இரண்டு முறை வந்தால் விரல் நகராது. அதனால் கோட்டில் அது பதிவாகாது. ஆங்கிலத்தில் to, too என்று சில சொற்கள்தான் இதில் மாட்டும், பக்கத்துச் சொல்லே காப்பாற்றிவிடும். தமிழுக்கோ குறில் நெடில், ஒற்றை இரட்டை என்ற வேறுபாட்டில்தான் பொருளே நிற்கிறது. pallathula, paalathula இரண்டும் இழுக்கும்போது p-a-l-a-t-h-u-l-a ஆகிவிடும். லாரி பள்ளத்திலும் நிற்கும், பாலத்திலும் நிற்கும் என்பதால் சூழலை வைத்தும் தீர்க்க முடியாது. குழுவில் எது அதிகம் எழுதப்படுகிறதோ அதுவே முன்னால் வரும்.

இன்னொரு சிக்கல் u, i, o மூன்றும் ஒட்டி இருப்பது. podu, pudhu, pidi எல்லாமே p-இல் தொடங்கி இடப்பக்கம் போகிற கோடுகள். விரல் சற்றே வழுக்கினால் "போடு" என்பது "புது" ஆகிவிடும்.

தமிழ் எழுத்துகளுக்கென்றே அமைந்த தமிழ்99 பலகையில் கதை வேறு. உயிர் எழுத்துகள் இடப்பக்கம், மெய்கள் பெரும்பாலும் வலப்பக்கம். "பாலத்துல" எழுத ப-விலிருந்து இடக்கோடியில் உள்ள ஆ-வுக்குப் போய், ல-வுக்குத் திரும்ப வேண்டும். "பள்ளத்துல" என்பதில் அந்தப் பயணமே இல்லை, ப-விலிருந்து நேராக ள. இரண்டு கோட்டையும் குழப்ப வழியில்லை. நான் இதை மதிக்கக் காரணம் இதுதான்: நெடிலுக்குத் தனி விசை இருப்பது, கோட்டுக்குத் தனி உருவம் தருகிறது.

ஆனால் தமிழ்99-இல் ஒரே மெய்யை இரண்டு முறை அடித்தால் முதலாவது தானாகப் புள்ளி பெறும். அடிப்பவருக்கு வசதி, இழுப்பவருக்கு நட்டம். "எடு", "எட்டு" இரண்டும் எ-ட-உ என்ற ஒரே கோடு. ஆங்கில எழுத்தில் edu, ettu என்று d-யும் t-யும் பிரித்துவிடும். ஆக ஒன்று நெடிலையும் சில இரட்டிப்பையும் தொலைக்கிறது, மற்றது இரட்டிப்பை மட்டும் தொலைக்கிறது. விசைகளும் தமிழ்99-இல் ஒரு வரிசைக்கு 12 வரை வருவதால் சிறிய போனில் நெருக்கம் அதிகம். இழுக்கும் வசதியும் எல்லாச் செயலியிலும் கிடைக்காது.

கலப்புப் பேச்சில் இரண்டுமே தடுமாறும். "எஸ்டேட்ல", "ஃபேக்டரிக்கு" போன்ற சொற்கள் ஆங்கில அகராதியிலும் இல்லை, தமிழ் அகராதியிலும் பெரும்பாலும் இல்லை. estate வரை இழுத்துவிட்டு la-வை இழுத்தால் இடையில் தானாக இடைவெளி விழும். கட்டபெட்டு போன்ற ஊர்ப்பெயர்களும் இதே நிலைதான்: k-a-t-a-b-e-t-u என்ற கோட்டுக்கு ஒப்பிட மாதிரி இல்லாவிட்டால், கீபோர்டு தனக்குத் தெரிந்த பக்கத்துச் சொல்லைப் போடும். பரிந்துரை வரிசையிலும் நம் ஊர் வராது என்பதே அடையாளம். திரும்பத் திரும்ப இழுத்துப் பயனில்லை.

என் தேர்வு: அன்றாட அரட்டைக்கு ஆங்கில எழுத்தில் இழுப்பது. iruku, irukku என்று ஆளுக்கொரு விதமாக எழுதுவதும் அதில் ஒரே கோடாகிவிடுவதால் வேகம் நன்றாகவே கிடைக்கும். ரோடு, மண்சரிவு, ஆஸ்பத்திரி பற்றிய செய்திக்கு இழுக்கக் கூடாது; தமிழ் எழுத்தில் தட்டுங்கள். ஊர்ப்பெயர்களையும் "எஸ்டேட்ல", "எஸ்டேட்டுக்கு", "எஸ்டேட்லருந்து" போன்ற வடிவங்களையும் கீபோர்டின் தனிப்பட்ட அகராதியில் தனித்தனியாகச் சேர்த்து வையுங்கள். ஒன்றைச் சேர்த்தால் மற்ற வேற்றுமை வடிவங்களை அது தானாக உருவாக்கிக்கொள்ளும் என்று நம்ப முடியாது.