பாக்கி கேட்கும் வாய்ஸ் நோட்: ஒன்றரை வருடமாகத் திருத்திப் பயன்படுத்திய அனுபவம்

கோவில்பட்டிப் பக்கம் வீட்டோடு சேர்த்து ஒரு சின்னப் பட்டறையில் கடலை மிட்டாய் போடுகிறோம். சுற்று வட்டாரத்தில் முப்பது மளிகைக் கடைகளுக்குப் பத்து நாளுக்கு ஒரு தடவை லைன் போகும். எல்லாக் கடையிலும் பில்லுக்குப் பில் கணக்குதான். அதாவது, புதுச் சரக்கு இறக்கும்போது போன பில்லின் பணத்தை வாங்கிக்கொள்வோம். ஒரு கடை ஒரு சுற்று தவறினால் பொறுத்துக்கொள்ளலாம். இரண்டு சுற்று தவறினால் வெல்லத்துக்குக் கொடுக்கக் கையில் காசு இருக்காது. அந்த மாதிரிக் கடைகளுக்கு அனுப்ப ஒரு வாய்ஸ் நோட் எழுதி வைத்துக்கொண்டு, ஒன்றரை வருடமாகத் திருத்தித் திருத்திப் பயன்படுத்தி வருகிறேன். எது நின்றது, எது கழிந்தது என்று எழுதுகிறேன்.

முதலில் எழுதாமல்தான் பேசினேன். மைக்கை அமுக்கியதும் வாயில் வந்தது இதுதான்: "அண்ணாச்சி, தப்பா நெனச்சுக்கிடாதீங்க. வெல்லக் கடைக்காரர் நெருக்குதாரு, வீட்லயும் செலவு. நீங்க ரெண்டு பில்லு குடுக்காம வச்சிருக்கீங்க, 7,560 ரூபா. எப்ப முடியுமோ அப்பக் குடுங்க." ஒரு நிமிடத்துக்கு மேல் ஓடியது. மைக் குறி நீலமாக மாறியது, அதாவது அவர் கேட்டுவிட்டார். ஆனால் பதில் வரவில்லை. அடுத்த லைனில் போனபோது அவர் முகம் கொடுத்துப் பேசவில்லை.

காரணம் பிறகுதான் புரிந்தது. கடைக்காரர்கள் வாய்ஸ் நோட்டைக் காதில் வைத்துக் கேட்பதில்லை. கையில் தராசும் பொட்டலமும் இருக்கும். போனைக் கல்லா மேல் வைத்து ஸ்பீக்கரில் போட்டுவிடுவார்கள். நான் சொன்ன தொகையை வேலைப் பையனும், எண்ணெய் வாங்க நின்றவர்களும் கேட்டிருக்கிறார்கள். நான் எவ்வளவு பணிவாகப் பேசியிருந்தாலும் அவருக்கு அது கடை வாசலில் நின்று கேட்டது போலத்தான்.

அதனால் முதல் திருத்தமே தொகையைக் குரலிலிருந்து எடுத்ததுதான். தொகை, தேதி, ஜாடிக் கணக்கு எல்லாம் பில்லின் படமாக முதலில் போகும். குரல் அதற்குக் கீழே வரும். 'பாக்கி' என்ற சொல்லும் குரலில் கிடையாது, 'கணக்கு' மட்டும்தான். யார் பக்கத்தில் நின்று கேட்டாலும் ஏதோ சரக்கு விஷயம் என்றுதான் நினைப்பார்கள். இந்த ஒன்றை மட்டும் மாற்றியதிலேயே பதில் வர ஆரம்பித்தது.

அடுத்து வினைச்சொல். "நீங்க குடுக்காம வச்சிருக்கீங்க" என்பதில் குற்றம் அவர் தலையில் ஏறுகிறது. "ரெண்டு பில்லு நிக்குது" என்றால் பில் தானாக நிற்கிறது, யாரையும் குறை சொல்லவில்லை. நம் பேச்சில் இந்த வசதி இருக்கும்போது பயன்படுத்தாமல் விடக் கூடாது. "எப்ப முடியுமோ அப்ப" என்பதையும் வெட்டினேன். அது மரியாதை போலத் தெரியும், ஆனால் அதில் தேதி இல்லை. "தர முடியுமா" என்று கேட்டால் "இப்ப முடியாது" என்று சொல்ல நாமே வழி விடுகிறோம். இப்போது இரண்டு நாளைச் சொல்லி அவரையே தேர்ந்தெடுக்கச் சொல்கிறேன். அதில் வெள்ளிக்கிழமை வராது, செவ்வாயும் வராது. அந்த நாட்களில் எங்கள் பக்கம் பல கடைகளில் கல்லாவிலிருந்து பணம் எடுத்துக் கொடுக்க மாட்டார்கள். நம் கஷ்டத்தைச் சொல்லும் வரியையும் எடுத்துவிட்டேன். அவருக்கும் அதே கஷ்டம் இருக்கும், அதைச் சொல்ல ஆரம்பித்தால் பேச்சு வேறு பக்கம் போய்விடும்.

மழைக்காலத்தில் ஒரு வரி புதிதாகச் சேர்ந்தது. அதே அண்ணாச்சி கடைதான். முதல் பில் 24 ஜாடி, அடுத்தது 18 ஜாடி. ஜாடி 180 ரூபாய் வீதம் 4,320, அப்புறம் 3,240, சேர்த்து 7,560. நேரில் உட்கார்ந்து பேசியபோதுதான் மூன்று ஜாடியை வெளியே எடுத்து வைத்தார். ஈரக் காற்று பட்டு மிட்டாய் நமுத்து ஒன்றோடொன்று ஒட்டியிருந்தது. மூடி சரியாகப் பொருந்தாத ஜாடிகள், குறை எங்களுடையதுதான். அவர் அதைச் சொல்லாமல் மொத்தப் பணத்தையும் நிறுத்தியிருந்தார். 540 ரூபாயைக் கழித்ததும் மீதி 7,020-ஐ அன்றைக்கே எண்ணிக் கொடுத்தார். பணம் நிற்கும் இடத்தில் பல நேரம் இப்படி ஒரு சொல்லாத குறை இருக்கிறது. அதைக் கேட்கும் வரி இல்லாமல் இப்போது எந்த நோட்டும் அனுப்புவதில்லை. "ஏதும் குறை இருக்கா" என்று பொதுவாகக் கேட்டால் சிலர் அதையே சாக்காக்கி இழுப்பார்கள். அதனால் "எத்தனை ஜாடி" என்று எண்ணிக்கை கேட்கிறேன்.

இப்போது பயன்படுத்துவது இது:

"அண்ணாச்சி, வணக்கம். மேல ரெண்டு பில்லு படம் போட்டிருக்கேன், ஒரு பார்வை பாத்துக்கிடுங்க. அந்தக் கணக்கு நிக்குது. ஜாடி ஏதும் நமுத்திருந்தா எத்தனைன்னு சொல்லுங்க, கழிச்சுக்கிடலாம். நேர் பண்ண வியாழக்கிழமை வரட்டா, சனிக்கிழமை வரட்டா? உங்களுக்குத் தோதான நாளச் சொல்லிருங்க, வாரேன்."

அரை நிமிடத்துக்குள் முடிந்துவிடும். பேசப் போவதை எழுதும்போதே பேச்சு மொழியில் எழுத வேண்டும். ஒரு தடவை ஏட்டு நடையில் எழுதி வாசித்தேன், பஸ் ஸ்டாண்டு அறிவிப்பு போல இருந்தது. பதிவு செய்து, அனுப்பும் முன் ஸ்பீக்கரில் போட்டுக் கேட்டுவிடுவேன். கடையில் கேட்பது போலவே கேட்டால்தான் குரல் கெஞ்சுகிறதா, அதட்டுகிறதா என்று தெரியும். காலையில் போணி ஆவதற்கு முன்பும், விளக்கு வைத்த பிறகும் அனுப்புவதில்லை. மதியம் மூன்று மணி வாக்கில் கடை கொஞ்சம் ஓயும், அதுதான் நேரம்.

"பாத்துக்கலாம்" என்று பதில் வந்தால் அதைத் தேதியாக எடுத்துக்கொள்ளக் கூடாது. "சரி அண்ணாச்சி, அப்ப சனிக்கிழமை வாரேன்" என்று ஒரே வரி அனுப்பி, சொன்ன நாளில் போய் நிற்பேன். பதிலே வராவிட்டால் அதே குரலை மறுபடி அனுப்புவதில்லை, போன் செய்வேன்.

இது எடுபடாத இடங்களும் இருக்கின்றன. கணக்குப்பிள்ளை வைத்திருக்கும் பெரிய கடைகளில் முதலாளிக்கு வாய்ஸ் நோட் அனுப்பிப் பயனில்லை. பில் கணக்குப்பிள்ளை கையில் இருக்கிறதா என்று பார்ப்பதுதான் வேலை. உறவினர் ஒருவர், சிறு தொழில்களுக்குக் கொடுக்க வேண்டிய பணத்துக்கு 2006-ஆம் ஆண்டுச் சட்டம் கெடு வைத்திருக்கிறது, அதைச் சொல்லிப் பேசு என்றார். எழுத்தில் ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளைத் தாண்டக் கூடாது, இல்லாவிட்டால் 15 நாள். உண்மைதான், ஆனால் பத்து நாளில் மறுபடி சரக்கு இறக்க வேண்டிய கடையில் அதைக் குரலில் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. அது உறவு முடிந்த பிறகு எழுத்தில் போக வேண்டியது.

ஒரே ஒரு கடையில் மூன்று நோட், இரண்டு போன், நேரில் நான்கு நடை போயும் பணம் வரவில்லை. சரக்கை நிறுத்திவிட்டோம், அந்த பில் இன்னும் கணக்கு நோட்டில் நிற்கிறது. மற்றபடி அந்த ஜாடிக்கார அண்ணாச்சி, போன மாதம் நான் அனுப்பும் முன்பே அவராக ஒரு வாய்ஸ் நோட் போட்டார்: "ரெண்டு ஜாடி நமுத்திருக்கு, கழிச்சுட்டு எவ்வளவுன்னு சொல்லும்மா, சனிக்கிழம வாங்கிக்கோ."