டேனியலா, லெக்லாஞ்சேயா: டார்ச் செல்லின் முன்னோர் எது?

டார்ச்சில் போடும் மலிவான செல்லின் பரம்பரையைத் தேடிப் போனால், 19-ஆம் நூற்றாண்டின் இரண்டு போட்டி மின்கலங்களிடம் வந்து நிற்போம். ஒன்று, 1836-இல் லண்டனில் ஜான் பிரெடரிக் டேனியல் உருவாக்கியது. மற்றொன்று, 1866-இல் பிரெஞ்சுப் பொறியாளர் ஜார்ஜ் லெக்லாஞ்சே உருவாக்கியது. சீரான மின்னோட்டம் தருவதில் டேனியல் கலமே உயர்ந்தது. அப்படியிருந்தும் இன்று கடைகளில் தொங்கும் செல்கள் லெக்லாஞ்சேயின் வழிவந்தவை. இதை விளங்கிக்கொள்ள, இரண்டு பேரும் தீர்க்க முயன்ற சிக்கலை முதலில் பார்க்க வேண்டும்.

இத்தாலியின் கோமோ நகரிலிருந்து 1800 மார்ச் 20 அன்று, அலெஸ்ஸாண்ட்ரோ வோல்டா லண்டன் ராயல் சொசைட்டியின் தலைவர் ஜோசப் பேங்க்ஸுக்கு ஒரு கடிதம் எழுதினார். துத்தநாக வட்டு, அதன்மேல் வெள்ளி அல்லது செம்பு வட்டு, நடுநடுவே உப்புநீரில் நனைத்த அட்டை என்று மாறி மாறி அடுக்கினால், அந்தத் தூணின் இரு முனைகளிலிருந்தும் தொடர்ந்து மின்சாரம் கிடைக்கிறது என்பதே செய்தி. ஒரு ஜோடி ஒரு வோல்ட்டுக்கும் குறைவாகவே தரும். அதனால்தான் பல ஜோடிகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்ற வேண்டியிருந்தது. ஏற்றினால் மேலுள்ள வட்டுகளின் எடை கீழுள்ள அட்டைகளைப் பிழிந்துவிடும். வழியும் உப்புநீர் ஜோடிகளுக்கிடையே குறுக்கு வழி போட்டுவிடும்.

இந்தக் கசிவைச் சரிசெய்வது எளிது. வட்டுகளை அடுக்காமல், தகடுகளைத் திரவத் தொட்டிகளில் நிறுத்தினால் போதும். விரைவிலேயே அப்படியும் செய்தார்கள். ஆனால் தொட்டியிலும் தீராத ஒரு குறை இருந்தது. துத்தநாகம் கரையும்போது எலக்ட்ரான்களை விட்டுச் செல்கிறது. அவை கம்பி வழியாகச் செம்புக்குப் போய், அங்கே நீரில் இருக்கும் ஹைட்ரஜனோடு சேர்ந்து வாயுவாகின்றன. குமிழிகள் செம்பின் மேல் போர்வைபோலப் படிந்து மின்னோட்டத்தை நெரிக்கின்றன. சில நிமிடங்களிலேயே கலம் தளர்ந்துவிடும். தகட்டை வெளியே எடுத்துத் துடைத்தால் மீண்டும் தெம்பு வரும், மீண்டும் தளரும். எனவே, செம்பை வந்தடையும் எலக்ட்ரான்களுக்கு ஹைட்ரஜன் அல்லாத வேறொரு இரையைக் கொடுத்தாக வேண்டும். இரண்டு கலங்களும் வேறுபடுவது அந்த இரையில்தான்.

டேனியல் கொடுத்த இரை மயில்துத்தக் கரைசல், அதாவது செம்பு சல்பேட். எலக்ட்ரான்கள் அதிலுள்ள செம்பைப் பிடித்துத் தகட்டின்மேல் படியவைத்தன. வாயுவும் இல்லை, போர்வையும் இல்லை. செம்பின்மேல் செம்பே வளர்கிறது. கலம் ஏறத்தாழ 1.1 வோல்ட்டில் மணிக்கணக்காக, நாள்கணக்காக நிற்கும். ஆனால் துத்தநாகத்துக்கு வேறு கரைசல் வேண்டும். இரண்டும் கலக்கவும் கூடாது. டேனியல் முதலில் மாட்டின் உணவுக்குழாயைத் தடுப்பாக வைத்தார். பின்னர் மெருகிடாத மண்பானை வந்தது. தந்தி நிலையங்களில் பரவிய எளிய வடிவத்தில் தடுப்பே கிடையாது. கனமான நீலக் கரைசல் அடியில் செம்போடு கிடக்கும், இலேசான தெளிந்த கரைசல் மேலே துத்தநாகத்தோடு மிதக்கும்.

அந்தக் கலத்தைப் பராமரிப்பவரின் கண் எப்போதும் நீலமும் தெளிவும் சந்திக்கும் கோட்டில் இருக்கும். கோடு இறங்கினால் மயில்துத்தக் கட்டிகள் போட வேண்டும். ஏறினால் கலத்திலிருந்து இன்னும் அதிக மின்னோட்டம் எடுக்க வேண்டும். நீலம் துத்தநாகத்தைத் தொட்டுவிட்டால், செம்பு அங்கேயே கரிய சேறாகப் படிந்து துத்தநாகத்தை வீணாகத் தின்றுவிடும். அதாவது, இந்தக் கலத்துக்கு ஓய்வு ஆகாது. செலவையும் கணக்கிட்டுப் பார்க்கலாம். 0.1 ஆம்பியரை 30 நாள் இடைவிடாமல் எடுத்தால் 72 ஆம்பியர்-மணி. வேதிக் கணக்குப்படி அதற்குச் சுமார் 88 கிராம் துத்தநாகம் கரையும். 335 கிராம் மயில்துத்தம் தீரும். எப்போதும் மின்னோட்டம் ஓடும் தந்திக் கம்பிக்கு இது பொருத்தமான கலம். எப்போதாவது ஒலிக்கும் அழைப்பு மணிக்கோ, யாரும் அழைக்காத நேரத்திலும் மெல்ல மெல்ல அழிந்துகொண்டே இருக்கும் கலம்.

லெக்லாஞ்சே தேர்ந்தெடுத்த இரை திடப்பொருள்: மாங்கனீசு டை ஆக்சைடு என்ற கருந்தூள். அதைக் கரித்தூளோடு கலந்து, கரித்தண்டைச் சுற்றி நுண்துளைப் பானையில் அடைத்தார். வெளியே நவச்சாரக் கரைசலும் ஒரு துத்தநாகக் கோலும். திரவம் ஒன்றே ஒன்றுதான். கருந்தூள் கரையாது என்பதால் துத்தநாகத்தைத் தேடிப் போகாது. மின்னழுத்தம் ஏறத்தாழ 1.5 வோல்ட். குறை என்னவென்றால், திடப்பொருள் மெதுவாகவே வேலை செய்யும். தொடர்ந்து மின்னோட்டம் எடுத்தால் தூளால் ஈடுகொடுக்க முடியாமல் கலம் தளரும். சற்று ஓய்வு கொடுத்தால் மீளும். மங்கிய டார்ச்சை அணைத்துவைத்து, சிறிது நேரம் கழித்துப் போட்டால் கொஞ்சம் பிரகாசமாக எரிவதும் இதே காரணத்தால்தான்.

போட்டியின் முடிவு இங்கேதான் எழுதப்பட்டது என்பது என் கருத்து. இரண்டு திரவங்களைப் பிரித்துவைத்தே வாழும் கலத்தைச் சட்டைப்பைக்குள் கொண்டுவருவது கடினம். ஒரே திரவம் உள்ள கலத்திலோ அந்தத் திரவத்தைக் கெட்டியாக்கிவிட்டால் போதும். ஜெர்மனியின் மைன்ஸ் நகர மருத்துவர் கார்ல் காஸ்னர் அதைத்தான் செய்தார். 1886-இல் காப்புரிமையும் பெற்றார். நவச்சாரத்தை பிளாஸ்டர் ஆஃப் பாரிஸோடு குழைத்தார். சும்மா இருக்கும்போது துத்தநாகம் அரிக்கப்படுவதைக் குறைக்கத் துத்தநாகக் குளோரைடும் சேர்த்தார். துத்தநாகக் கோலை நீக்கிவிட்டு, துத்தநாகத்தையே குவளையாக்கினார். இனிக் கலத்தைச் சாய்க்கலாம், படுக்கவைக்கலாம், ஊருக்கு எடுத்துப் போகலாம். உலர் மின்கலம் என்று சொன்னாலும் உள்ளே ஈரம் இருந்தே ஆக வேண்டும். பசை காய்ந்துபோனால் அயனிகள் நகர வழியில்லை, மின்சாரமும் இல்லை. பின்னர் பிளாஸ்டருக்குப் பதிலாக மாவுப்பசையும் காகித உறையும் வந்தன.

காஸ்னரின் சிக்கனமான ஏற்பாட்டில் ஒரு பலவீனமும் ஒளிந்திருந்தது. குவளைதான் எரிபொருள் என்பதால், பயன்படுத்தப் பயன்படுத்தச் சுவர் மெலியும்; ஓரிடத்தில் ஓட்டை விழுந்தால் உள்ளிருப்பது கசியும். தீர்ந்த செல்லை டார்ச்சுக்குள்ளேயே மறந்துவிட்டவர்களுக்கு அந்தப் பிசுக்கு தெரிந்திருக்கும். 20-ஆம் நூற்றாண்டின் நடுவில் வந்த அல்கலைன் செல் இந்த அமைப்பை உள்வெளியாகத் திருப்பியது. வெளியே எஃகு உறை, அதை ஒட்டி மாங்கனீசு டை ஆக்சைடு. நடுவில் துத்தநாகத் தூள், பொட்டாசியம் ஹைட்ராக்சைடுக் கூழோடு. தூளின் பரப்பு பெரிது என்பதால் மின்னோட்டமும் தாராளமாக வரும். ஆனால் நடுவிலுள்ள துத்தநாகம் ஹைட்ரஜனை விடும் பழைய குணத்தை விடவில்லை. முன்பு அதை அடக்கத் துத்தநாகத்தில் பாதரசம் சேர்த்தார்கள்; இப்போது தூய்மையான துத்தநாகமும் வேறு சேர்மங்களும் அந்த வேலையைச் செய்கின்றன. அழுத்தம் மிஞ்சினால் அடைப்பு விட்டுக்கொடுக்கும். கசியும் காரம் காற்றிலுள்ள கரியமில வாயுவோடு சேர்ந்து, முனையில் வெண்படிவமாகத் தெரியும்.

சுவர்க் கடிகாரத்துக்கும் டிவி ரிமோட்டுக்கும் பழைய துத்தநாக-கரி செல்லே போதும் என்பேன். மின்னோட்டம் மிகக் குறைவு, நடுவே ஓய்வும் நிறைய. லெக்லாஞ்சே கலத்துக்குப் பிடித்த வேலை அதுதான். கேமரா ஃபிளாஷ், மோட்டார் ஓடும் பொம்மை, நெடுநேரம் எரியும் டார்ச் இவற்றுக்கு அல்கலைன் வாங்குங்கள். எதை வாங்கினாலும், ஒரே கருவியில் இரண்டையும் கலந்து போடாதீர்கள். முதலில் தீரும் செல்லின் வழியாக மற்றது மின்னோட்டத்தைத் தள்ளிக்கொண்டே இருக்கும். கசிவு அங்கிருந்துதான் தொடங்கும்.