தனியாகத் தூங்கும் வீட்டில் இரவுச் சர்க்கரை: சென்சாரும் கதவுச் சாவியும்

வேலூர் சத்துவாச்சாரியில் தனியாக வசிக்கிறேன். காலையும் மாலையும் 30/70 கலவை இன்சுலின் போட்டுக்கொள்கிறேன். மகள் சென்னையில் இருக்கிறாள். சர்க்கரையை விடாமல் அளந்து செல்பேசியில் காட்டும் கைச் சென்சாரை நெடுநாளாகப் பயன்படுத்திவருகிறேன். அது நல்ல கருவிதான். ஆனால் தனியாக இருப்பவரை அது மட்டும் காப்பாற்றாது. விரலில் குத்தும் மீட்டர், படுக்கை அருகே குளுக்கோஸ் பொட்டலம், வெளியிலிருந்து திறக்கக்கூடிய கதவு ஆகிய மூன்றும் சேர்ந்தால்தான் அது பாதுகாப்பு.

என் கவலை பகலைப் பற்றியதல்ல, இரவில் சர்க்கரை அளவுக்கு மீறி இறங்குவதைப் பற்றியது. கலவை இன்சுலினில் எழுபது பங்கு மெதுவாக வேலை செய்யும் வகை. இரவு உணவுக்கு அரை மணி முன்பு, ஏழரை மணிக்குப் போட்டால், அதன் வேகம் நள்ளிரவுக்குப் பிறகு உச்சத்தை எட்டலாம். அந்த நேரத்தில் வயிற்றில் சாப்பாடு இருக்காது. பல வருடங்கள் இன்சுலின் எடுத்தவர்களுக்கு நடுக்கம், படபடப்பு போன்ற அறிகுறிகள் மங்கிப்போகும். எனக்கு மிஞ்சியது வியர்வை ஒன்றுதான். கத்திரி வெயில் காலத்தில் எங்கள் ஊரில் இரவிலும் முதுகு நனைந்துதான் விழிக்கிறோம். அதனால் அந்த மாதங்களில் வியர்த்தால் யோசித்துக்கொண்டிருப்பதில்லை, எடுத்துப் பார்த்துவிடுகிறேன்.

சென்சார் மேல்கையின் பின்புறத்தில் ஒட்டப்படுகிறது. 14 நாட்கள் இருக்கும். அது ரத்தத்தை அளப்பதில்லை, தோலுக்கடியிலுள்ள நீரில் இருக்கும் சர்க்கரையை அளக்கிறது. ரத்தத்தில் நடக்கும் மாற்றம் அங்கே சில நிமிடங்கள் தாமதமாகத்தான் வந்துசேரும். சர்க்கரை வேகமாக இறங்கும்போது சென்சார் 75 என்று காட்டினால், உண்மை அதைவிடக் குறைவாக இருக்கக்கூடும். அதனால்தான் 70-ல் ஒலிக்க வேண்டிய எச்சரிக்கையை 80-ல் வைத்திருக்கிறேன். தேவையில்லாமல் எழுப்பிவிடும் இரவுகளும் உண்டு. தனியாக இருப்பவர் அந்தத் தொந்தரவை ஏற்றுக்கொள்ள வேண்டும் என்பதே என் கருத்து.

ஒரு இரவை மட்டும் விவரமாகச் சொல்கிறேன். அன்று மாலை தோழியுடன் கோட்டைப் பக்கம் வழக்கத்தைவிட வெகுநேரம் நடந்தேன். நடை முடிந்து பல மணி நேரம் கழித்தும் தசைகள் சர்க்கரையை இழுத்துக்கொண்டிருக்கும். அதன் விளைவு இரவில்தான் தெரியும். பத்தரை மணிக்கு விரலில் பார்த்தபோது 112. நல்ல எண்தான், ஆனால் சர்க்கரை ஏறுகிறதா இறங்குகிறதா என்று காட்டும் சென்சாரின் அம்பு கீழ்நோக்கிச் சாய்ந்திருந்தது. 2.40-க்கு எச்சரிக்கை ஒலித்தது. சென்சாரில் 78, அம்பு கீழே. கையை ஈரத்துணியால் துடைத்துவிட்டு விரலில் குத்தினேன்: 66. (இரவில் பழம் சாப்பிட்ட கையோடு குத்தினால் எண் பொய்யாக உயர்ந்துவிடும், துணி எப்போதும் மீட்டரோடு இருக்கிறது.) பதினைந்து கிராம் குளுக்கோஸ் பொட்டலத்தை அரை டம்ளர் தண்ணீரில் கலக்கிக் குடித்துவிட்டு உட்கார்ந்தேன்.

கால் மணி நேரம் கழித்துப் பார்த்தபோது சென்சார் 63 என்றது. அப்போதுதான் மனம் பதறும். இன்னொரு பொட்டலம், அதன்மேல் இரண்டு வாழைப்பழம் என்று கை நீளும். விரலில் 84 இருந்தது. ஏறத் தொடங்கிய சர்க்கரை சென்சாருக்கு இன்னும் போய்ச்சேரவில்லை, அவ்வளவுதான். இனிப்பு குடித்த பிறகு நம்ப வேண்டியது விரல் மீட்டரை மட்டுமே. 70-க்குக் கீழேயே இருந்திருந்தால் இன்னொரு பதினைந்து கிராம் குடித்துவிட்டு மறுபடி கால் மணி நேரம் காத்திருப்பேன். 84 என்பதால், மீண்டும் இறங்காமலிருக்க இரண்டு மாரி பிஸ்கட்டும் கொஞ்சம் பாலும் எடுத்துக்கொண்டு படுத்தேன். காலையில் 131. அந்த இரவுக்குச் சென்சார் வரைந்த வரைபடத்தைப் பார்த்த மருத்துவர், மாலை அளவை 16 யூனிட்டிலிருந்து 14 ஆக்கினார். நெடுநேரம் நடந்த நாளில் படுக்கும்போது 130-க்குக் கீழே இருந்தால் சிற்றுண்டி எடுக்கச் சொன்னார். இந்த எண்கள் எனக்கானவை. உங்கள் மருத்துவர் உங்கள் வரைபடத்தைப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

பொட்டலம் என்று சொன்னது வெறும் குளுக்கோஸ் பவுடர்தான். எடை போட்டு, பதினைந்து கிராம் வீதம் சின்னக் கவர்களில் கட்டி, தலைமாட்டு டப்பாவில் வைத்திருக்கிறேன். சர்க்கரை இறங்கிய மூளையால் கரண்டி எண்ண முடியாது. சாக்லெட் வைத்துக்கொள்ளச் சொல்பவர்கள் உண்டு; அதிலுள்ள கொழுப்பு சர்க்கரை ஏறுவதைத் தாமதப்படுத்தும் என்பதால் இந்த நேரத்துக்கு அது உதவாது.

சென்சார் பொய் சொல்லும் இன்னொரு விதம், அந்தக் கையை அழுத்திப் படுப்பது. அழுத்தம் பட்ட இடத்தில் எண் சட்டென்று சரிந்து 55, 58 என்று நிற்கும். திரும்பிப் படுத்ததும் அதே வேகத்தில் ஏறிவிடும். வரைபடத்தில் அது செங்குத்தாகக் குழி விழுந்ததுபோல் தெரியும். உண்மையான இறக்கம் சரிவாக வரும். ஆனாலும் வடிவத்தைப் பார்த்து முடிவு கட்டிவிட்டுத் தூங்குவதில்லை. விரலில் பார்த்த பிறகுதான் தலையணை. புதிதாக ஒட்டிய முதல் நாளும் இப்படித்தான், எண்கள் அவ்வளவு நம்பகமாக இருக்காது.

செலவு அதிகம் என்பதால் சென்சாரை எப்போதும் போடுவதில்லை. மருந்தளவு மாறும்போதும், உடல்நிலை சரியில்லாதபோதும் போடுகிறேன். மற்ற வாரங்களில் சில இரவுகள் மூன்று மணிக்கு அலாரம் வைத்து விரலில் பார்க்கிறேன்.

இனி கதவு. இதைப் பற்றி மருத்துவமனையில் யாரும் பேசுவதில்லை. என் எண்கள் மகளின் செல்பேசிக்கும் போகின்றன. அவளுக்கும் எச்சரிக்கை ஒலித்தால் உடனே என்னை அழைப்பாள். இரண்டு முறை அழைத்தும் எடுக்காவிட்டால் மாடிவீட்டு அக்காவை அழைப்பாள். அக்காவிடம் சாவி உண்டு. ஆனால் நம் வீடுகளில் இரவில் உள்தாழ்ப்பாள் போடுவோமே, அது விழுந்திருந்தால் சாவி எதற்கு? ஒருநாள் பகலில் அக்காவை வெளியே நிறுத்தி ஒத்திகை பார்த்தபோதுதான் இது வெளிச்சமாயிற்று. "நான் கதவை உடைச்சிட்டு வரணுமா?" என்று கேட்டுவிட்டார். இப்போது வெளியிலிருந்து சாவியால் திறக்கும் பூட்டு மட்டும்தான், தாழ்ப்பாளைக் கழற்றிவிட்டேன். கிரில் கேட் சாவியும் அதே வளையத்தில் இருக்கிறது.

ஃபிரிட்ஜ் கதவில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறேன். நினைவு இருந்து விழுங்க முடிந்தால் குளுக்கோஸ் தண்ணீர் கொடுக்கலாம். நினைவில்லாவிட்டால் வாயில் எதையும் ஊற்றக்கூடாது, மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். ஒருக்களித்துப் படுக்கவைத்து 108-ஐ அழைக்க வேண்டும். எந்த நிலையிலும் இன்சுலின் போடக்கூடாது. கடைசி வரியைச் சிவப்பில் எழுதியிருக்கிறேன். சர்க்கரை நோயாளி மயங்கினால் இன்சுலின் ஊசிதான் மருந்து என்று நல்ல மனதோடு நம்புகிறவர்கள் பலர்.

மின்சாரம் போனால் வைஃபை நின்றுவிடும், மகளுக்கு எண் போகாது. அதனால் இரவில் செல்பேசியின் டேட்டாவை நிறுத்துவதில்லை. செல்பேசி அமைதி நிலையில் இருந்தாலும் இந்த எச்சரிக்கை ஒலிக்க அனுமதி கொடுத்திருக்கிறேன். ஆப் புதுப்பிக்கப்பட்டதும் அந்த அனுமதி இருக்கிறதா என்று பார்த்துவிடுகிறேன். மாடிவீட்டு அக்கா ஊருக்குப் போகும்போது சாவி எதிர்வீட்டுக்குப் போகிறது, மகள் அழைக்கும் எண்ணும் அன்றே மாறுகிறது.