கத்தாமல் தப்பிய 13 தேதிகள்: பகிர்ந்த எக்செல் பதிவேட்டுடன் இரண்டரை வருடம்

திருப்பூரில் ஒரு சிறிய பனியன் கம்பெனியில் கணக்குப் பார்க்கிறேன். டையிங், பிரிண்டிங், காம்பாக்டிங் என்று வெளியே கொடுத்து வாங்கும் வேலைகளுக்கு வரும் பில்களை ஒரே எக்செல் கோப்பில் பதிகிறோம். ஆபீஸ் கம்ப்யூட்டரில் நானும், யூனிட்டில் ஒரு தம்பி தன் லேப்டாப்பிலும் அதே கோப்பைத் திறந்து எழுதுவோம். பில் தேதி, பில் எண், தொகை, கடைசியாகப் பணம் கொடுக்க வேண்டிய நாள். அந்தக் கடைசி நாளுக்கு `=B2+45` என்ற சின்ன ஃபார்முலா. சிறு, குறு நிறுவனங்களிடம் வேலை வாங்கினால், எழுத்து ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்கு மேல் பணத்தை நிறுத்தக் கூடாது. கெடுவும் தாண்டி, மார்ச் 31-க்குள்ளும் கொடுக்காவிட்டால் அந்த வருடக் கணக்கில் அதைச் செலவாகக் கழிக்க முடியாது. அதனால் எங்களுக்கு இந்த ஒரு தேதி ரொம்ப முக்கியம்.

2024 மே மாதம் தம்பி போன் செய்தார். "அக்கா, பாதி வரிக்குக் கடைசி நாளே வரலைங்க, #VALUE!னு காட்டுது." நான் இங்கே அதே வரியில் ஃபார்முலாவை மறுபடி இழுத்துவிட்டேன், ஒழுங்காக 27 ஜூன் என்று வந்தது. "எனக்கு வருதே தம்பி" என்றேன். சாயங்காலம் அவர் அந்த வரியைத் தொட்டதும் மறுபடி #VALUE!. இப்படியே இரண்டு நாள் போனது. கோப்பு கெட்டுவிட்டது என்றுதான் இருவரும் நினைத்தோம்.

கோப்பில் கோளாறு இல்லை. என் கம்ப்யூட்டரில் விண்டோஸின் வட்டார அமைப்பு English (India), அதாவது நாள் முதலில். தம்பியின் லேப்டாப் வாங்கியபோதே English (United States) என்று இருந்தது, மாதம் முதலில். யாரும் அதைக் கவனிக்கவில்லை. நாம் 13/05/2024 என்று அடித்ததும் எக்செல் அதை அந்தக் கம்ப்யூட்டரின் வழக்கப்படி படித்துப் பார்க்கிறது. மாதம் முதலில் என்றால் 13 ஆவது மாதம் என்று ஒன்று இல்லையே, அதனால் அதைத் தேதியாக எடுத்துக்கொள்ளாமல் வெறும் எழுத்தாக வைத்துவிடுகிறது. எழுத்தோடு 45-ஐக் கூட்டச் சொன்னால், அந்த நிமிடத்தில் எந்தக் கம்ப்யூட்டர் கணக்குப் போடுகிறதோ அது தன் வழக்கப்படி அந்த எழுத்தைத் தேதியாக மாற்றப் பார்க்கும். என்னுடையதில் மாறும், அவருடையதில் மாறாது. ஒரே கட்டம் ஒருவருக்கு விடையும் இன்னொருவருக்குப் பிழையும் காட்டியது இதனால்தான்.

எழுத்தாக மாறிய தேதியைக் கண்டுபிடிப்பது சுலபம். உண்மையான தேதி எக்செல்லுக்கு உள்ளே ஓர் எண். 2024 ஜனவரி 1 என்பது 45292. எண் என்பதால் கட்டத்தின் வலது ஓரத்தில் ஒட்டி நிற்கும், எழுத்து இடது ஓரத்தில் நிற்கும். எங்கள் கோப்பில் அழகுக்காக எல்லாவற்றையும் நடுவில் வைத்திருந்தேன், அதனால் அந்த அடையாளம் போய்விட்டது. அப்புறம் வடிகட்டியைத் திறந்து பார்த்தபோது தெரிந்தது: நிஜத் தேதிகள் 2024, அதற்குள் மாதம் என்று மடிந்து நிற்க, எழுத்தானவை மட்டும் பட்டியலின் அடியில் ஒவ்வொன்றாகத் தனியே கிடந்தன. பக்கத்தில் `=ISNUMBER(B2)` போட்டாலும் போதும், FALSE என்று வருவதெல்லாம் எழுத்து.

நான் முதலில் செய்தது Ctrl+1 அழுத்தி, முழு நெடுவரிசையையும் தேதி வடிவத்துக்கு மாற்றியது. ஒன்றும் நடக்கவில்லை. வடிவம் என்பது எண்ணை எப்படிக் காட்டுவது என்று சொல்வது மட்டும்தான். உள்ளே இருப்பது எழுத்து என்றால் அதை அது தொடாது. என் கம்ப்யூட்டரில் அந்தக் கட்டத்தில் F2, Enter தட்டினால் தேதியாகிவிடும், ஏனென்றால் அது புதிதாக அடித்ததற்குச் சமம். தம்பி பதிந்த 38 பில்களில் 23 இப்படி எழுத்தாகக் கிடந்தன. எல்லாவற்றையும் F2, Enter செய்தேன், #VALUE! எல்லாம் மறைந்தது. வேலை முடிந்தது என்று நினைத்தேன்.

அங்கேதான் பெரிய தப்பு இருந்தது. மீதி 15 பில்கள் ஒரு பிழையும் காட்டவில்லை, அதனாலேயே அவற்றை நான் பார்க்கவில்லை. மாதக் கடைசியில் டையிங்காரர் பில்லைக் கையில் வைத்துச் சரிபார்த்தபோது ஒன்று உறுத்தியது. காகிதத்தில் 06/05/2024, அதாவது மே 6. கோப்பில் ஜூன் 5. மே 29 அன்று பார்க்கிறேன், ஜூன் 5 இன்னும் வரவே இல்லை. தம்பி சரியாகத்தான் அடித்திருக்கிறார். அவருடைய லேப்டாப் அதை ஜூன் 5 என்று படித்து, திரையில் 6/5/2024 என்றே காட்டியிருக்கிறது. அவர் அடித்தது போலவே இருந்ததால் சந்தேகம் வர வழியில்லை. கூர்ந்து பார்த்தால் முன்னால் இருந்த இரண்டு சுழியம் மட்டும் காணாமல் போயிருக்கும். இந்தப் பில்லுக்குப் பணம் கொடுக்க வேண்டிய கடைசி நாள் ஜூன் 20. கோப்பு சொன்னது ஜூலை 20. அதை நம்பியிருந்தால் ஒரு மாதம் தாமதமாகக் கொடுத்திருப்போம். மே 3 தேதியிட்ட இன்னொரு பில் மார்ச் 5 ஆகிவிட்டது. அதன் கெடு ஜூன் 17-க்குப் பதில் ஏப்ரல் 19 என்று காட்டியது.

அன்று உட்கார்ந்து ஒரு கணக்குப் போட்டேன். நாள் முதலில் அடிப்பவர், மாதம் முதலில் இருக்கும் கம்ப்யூட்டரில் அடித்தால், 365 நாளில் 221 நாள் எழுத்தாகும். 12 நாள், அதாவது 1/1, 2/2 என்று போகிறவை, தப்பித்துவிடும். மீதி 132 நாள் சத்தமில்லாமல் வேறு தேதியாக மாறும். எங்கள் 15 பில்களில் இரண்டு மே 5 தேதியிட்டவை, அவை சரி. 13 மாறியிருந்தன. எழுத்தாக மாறியவை கத்திக் காட்டிக்கொடுத்தன, அவற்றுக்கு நான் நன்றிதான் சொல்வேன். ஒரு நெடுவரிசையில் 12-க்கு மேற்பட்ட நாள்கள் எழுத்தாகக் கிடப்பதைப் பார்த்தால், 12 வரையிலான நாள்கள் மாறியிருக்கின்றன என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

திருத்தும்போது கவனிக்க வேண்டியது, எந்த வரியை எந்தக் கம்ப்யூட்டரில் பதிந்தார்கள் என்பது. என் வரிகள் சரியானவை. அவற்றையும் சேர்த்து மாற்றினால் அவை கெட்டுப்போகும். எங்களிடம் 'பதிந்தவர்' என்று ஒரு நெடுவரிசை இருந்ததால் பிழைத்தோம். அது இல்லாதவர்கள் காகித பில்லோடு ஒவ்வொன்றாக ஒப்பிட வேண்டியதுதான். F2 தட்டியதை விட்டு, பழைய பிரதியை எடுத்து, தம்பியின் வரிகளை மட்டும் தனித் தாளில் ஒட்டி, பக்கத்தில் இதைப் போட்டேன்:

```
=IF(ISNUMBER(B2),
 DATE(YEAR(B2),DAY(B2),MONTH(B2)),
 DATE(RIGHT(B2,4),MID(B2,4,2),LEFT(B2,2)))
```

எண்ணாக இருந்தால் நாளையும் மாதத்தையும் இடம் மாற்றுகிறது. எழுத்தாக இருந்தால் துண்டு துண்டாக எடுத்துத் தேதி கட்டுகிறது. இரண்டாவது பாதி 13/05/2024 என்று பத்து எழுத்தும் முழுதாக இருந்தால்தான் வேலை செய்யும். 13/5/24 என்று அடித்தவை நாலைந்து இருந்தன, அவற்றைக் கையால் திருத்தினேன். எழுத்து வரிகள் நிறைய இருந்து அடித்த விதமும் கலந்திருந்தால், அவற்றை மட்டும் பிரித்து Data > Text to Columns போய், மூன்றாவது படியில் Date: DMY தேர்ந்தெடுப்பது நல்லது. அது கம்ப்யூட்டரின் வழக்கத்தைக் கேட்காமல் நாம் சொன்னபடி படிக்கும். வந்த விடையை மதிப்பாக மட்டும் ஒட்டினேன். பழைய நெடுவரிசையை ஒரு மாதம் அழிக்காமல் வைத்திருந்தேன்.

தம்பியின் லேப்டாப்பில் வட்டார அமைப்பை English (India) ஆக்கினோம். ஆனால் அது மட்டும் போதவில்லை. ஆறு மாதத்தில் அந்த லேப்டாப் பழுதாகி வேறொன்று வந்தது, அதிலும் அமெரிக்க அமைப்பு. ஆள் மாறும், கம்ப்யூட்டர் மாறும், அதனால் காவல் கோப்புக்குள்ளேயே இருக்க வேண்டும் என்று அப்போது புரிந்தது.

இரண்டு விஷயம் செய்தோம், இரண்டும் இன்றுவரை இருக்கின்றன. ஒன்று, தேதி நெடுவரிசையின் வடிவம் `dd-mmm-yyyy`. 06/05/2024 என்று அடித்து Enter தட்டியதும் 05-Jun-2024 என்று மாதப் பெயரோடு எதிரே நிற்கும். அடித்தவருக்கே அந்த நொடியில் தெரிந்துவிடும். எழுத்தாகிவிட்டால் வடிவம் மாறாமல் 13/05/2024 என்றே கிடக்கும், அதுவும் கண்ணில் படும்.

இரண்டாவது Data Validation. Allow என்ற இடத்தில் Date, தொடக்கம் `=TODAY()-25`, முடிவு `=TODAY()`. எழுத்தாகப் போவதை இது உடனே மறுத்துவிடும். அந்த 25-க்குக் காரணம் இருக்கிறது. முதலில் 60 போட்டிருந்தேன், ஜூன் 5 பில் மே 6 ஆகி நழுவி உள்ளே வந்துவிட்டது. நாளும் மாதமும் இடம் மாறினால் மிகக் குறைந்த இடைவெளி எவ்வளவு என்று பார்த்தேன். பிப்ரவரி 3-ம் மார்ச் 2-ம் தான் நெருக்கமானவை, சாதாரண வருடத்தில் 27 நாள். மற்ற எல்லா ஜோடியும் அதைவிடத் தள்ளித்தான் இருக்கின்றன. ஆகவே பில் தேதியிலிருந்து 25 நாளுக்குள் பதிந்தால், மாறிய தேதி ஒன்று 25 நாளுக்கு முந்தையதாக இருக்கும், அல்லது இனிமேல் வரப்போவதாக இருக்கும். எப்படிப் போனாலும் தடுக்கப்படும். தாமதமாக வரும் பழைய பில்களுக்குத் தனித் தாள் வைத்திருக்கிறோம், அவற்றை நான் மட்டும் காகிதத்தைப் பார்த்துப் பதிவேன்.

இதற்கு ஒரு ஓட்டை உண்டு. வேறு இடத்திலிருந்து நகலெடுத்து ஒட்டினால் Data Validation பார்க்காது. பிரிண்டிங்காரர் அனுப்பும் பட்டியலை அப்படியே ஒட்டும் பழக்கத்தை இன்னும் முழுதாக நிறுத்த முடியவில்லை. அதனால் வாரம் ஒருமுறை `=COUNTIF(B:B,">"&TODAY())` என்று பார்க்கிறேன், கூடவே வடிகட்டியின் அடியில் ஏதாவது தனியாகக் கிடக்கிறதா என்றும்.

நடுவில் நான்கு மாதம் கூகுள் ஷீட்ஸும் பார்த்தோம். அங்கே வட்டார அமைப்பு கோப்போடு சேர்ந்தது. File > Settings-ல் Locale-ஐ இந்தியா என்று ஒருமுறை வைத்தால் யார் எங்கிருந்து அடித்தாலும் நாள் முதலில்தான். இந்த ஒரு விஷயத்தில் அது எக்செல்லைவிட நிம்மதி. எங்கள் ஆடிட்டர் சிஎஸ்வி கோப்பு கேட்பார், அதை இறக்கி எக்செல்லில் திறந்த கணமே திறக்கும் கம்ப்யூட்டரின் வழக்கம் மறுபடி உள்ளே வந்துவிடும். அதனால் திரும்பி வந்தோம். இப்போது ஆடிட்டருக்கு அனுப்பும் முன் தேதியை `=TEXT(B2,"yyyy-mm-dd")` ஆக்கி அனுப்புகிறேன். 2024-05-06 என்றால் நாள் முதலில் இருக்கும் கம்ப்யூட்டரும் மே 6 என்றுதான் படிக்கிறது, மாதம் முதலில் இருப்பதும் அப்படியே.