காலைத் தொட முடியாதவனுக்கு எந்த யோகா புத்தகம்?

பதினொரு வருடமாக நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்க்கிறேன். முட்டியை மடக்காமல் குனிந்தால் விரல் முழங்காலுக்குச் சற்றுக் கீழே நின்றுவிடும். போன வருடம் ஒரு வகுப்பில் சேர்ந்தேன். ஆசிரியர் முதுகில் கை வைத்து அழுத்தியதில் நான்கு நாள் நிமிர முடியவில்லை. அப்புறம்தான் புத்தகம் பக்கம் போனேன். மூன்று வாங்கினேன், மூன்றும் ஆங்கிலம்.

பி.கே.எஸ். அய்யங்காரின் 'லைட் ஆன் யோகா' (1966) படங்களுக்காகவே வீட்டில் இருக்க வேண்டிய புத்தகம். சுமார் 200 ஆசனங்கள், ஒவ்வொன்றுக்கும் கடின எண், பின்னால் 300 வாரப் பயிற்சித் திட்டம். ஆனால் படத்தில் இருப்பவர் அய்யங்கார். நின்றபடி முன்னால் குனியும் உத்தானாசனத்தில் அவர் உள்ளங்கை தரையில் பதிந்திருக்கும், முட்டி மடங்கக் கூடாது என்பார். முடியாதவன் என்ன செய்வது என்பதற்கு அங்கே அதிகம் இல்லை. அந்தத் திட்டத்தின் முதல் இரண்டு வாரத்திலேயே, தோளும் கழுத்தும் தரையில் அழுந்தும் சர்வாங்காசனமும் ஹலாசனமும் வந்துவிடுகின்றன. நாள் முழுக்கத் திரையைப் பார்த்துக் கழுத்தை நீட்டியிருப்பவன் அதை வீட்டில் தனியாகத் தொடங்குவதை நான் சொல்ல மாட்டேன்.

லெஸ்லி கமினாஃபும் ஏமி மேத்யூஸும் எழுதிய 'யோகா அனாடமி' தோலை உரித்துக் காட்டும் ஓவியங்கள் நிறைந்தது. எந்தத் தசை நீள்கிறது, எது இழுத்துப் பிடிக்கிறது என்று ஆசனம் வாரியாகப் பார்க்கலாம். மூச்சைப் பற்றிய தொடக்க அத்தியாயம் அருமை. இதைத் தொடர்ந்து படிக்க முடியாது, சந்தேகம் வந்தால் புரட்டலாம்.

நான் கடைசியில் தங்கியது டி.கே.வி. தேசிகாச்சாரின் 'தி ஹார்ட் ஆஃப் யோகா'வில் (1995). அய்யங்காருக்கும் குரு கிருஷ்ணமாச்சாரியார்தான். தேசிகாச்சார் அந்தக் கிருஷ்ணமாச்சாரியாரின் மகன், சென்னையில் கற்பித்தவர். ஒரே வீட்டுச் சரக்கு, ஆனால் அணுகுமுறை நேரெதிர். ஆசனத்துக்கு உடம்பைப் பொருத்துவதில்லை, உடம்புக்கு ஆசனத்தைப் பொருத்துகிறார். எனக்கு முடிவைத் தீர்மானித்தது இந்த ஒன்றுதான்.

குனிவதையே எடுத்துக்கொள்வோம். பின்தொடைத் தசைகள் பெரும்பாலும் நாம் உட்காரும் எலும்பில் தொடங்கி முட்டியைத் தாண்டிப் போய் ஒட்டுகின்றன. முட்டியை நேராக வைத்தால் அவை இறுகி இடுப்பெலும்பைப் பிடித்துக்கொள்ளும். அதற்கு மேல் குனிய வேண்டுமானால் அடிமுதுகுதான் வளைய வேண்டும். அன்று என் முதுகில் நடந்தது அதுதான் என்று நினைக்கிறேன். முட்டியைக் கொஞ்சம் மடக்கினால் தசை தளர்கிறது, இடுப்பே முன்னால் உருள்கிறது, முதுகு நீளமாக இருக்கிறது. இந்தத் தசைக் கணக்கை 'யோகா அனாடமி'யின் படங்களைப் பார்த்துப் புரிந்துகொண்டேன். முட்டியை மடக்கலாம் என்ற அனுமதியைக் கொடுத்தது தேசிகாச்சார்.

செய்யும் முறையும் எளிது. மூச்சை விட்டபடி குனிந்து, இழுத்தபடி நிமிர வேண்டும். இப்படிச் சில தடவை செய்த பிறகுதான் அப்படியே நிற்பது. மூச்சு கரகரத்தால் அளவு மீறிவிட்டோம் என்று பொருள். கண்ணாடியோ ஆசிரியரோ இல்லாதவனுக்கு இதைவிட நல்ல அளவுகோல் எனக்குத் தெரியவில்லை. பிறகு அந்த ஆசனம் உண்டாக்கிய இறுக்கத்தை எடுக்க ஓர் எளிய எதிர் ஆசனம். நான் ஆறு தடவை குனிந்து நிமிர்ந்துவிட்டு, மல்லாந்து படுத்து முட்டிகளை மார்புக்கு இழுத்துக்கொள்கிறேன். பத்து நிமிடம்கூட ஆகாது.

இழுப்பு எங்கே தெரிகிறது என்பதையும் கவனிக்கிறேன். தொடையின் நடுவில் மந்தமாக இழுத்தால் சரி. உட்காரும் எலும்பின் மேலேயே குத்தினால் அது தசைநாண் ஒட்டும் இடம், அங்கே விட்டுவிட வேண்டும். மின்சாரம் மாதிரி சுரீரென்று கெண்டைக்காலுக்கோ பாதத்துக்கோ ஓடினால், மரத்துப்போனால், அது நரம்பின் வேலை. அதை இழுத்துச் சரிசெய்யக் கூடாது.

தேசிகாச்சாரிடமும் குறை உண்டு. பாதிக்கு மேல் ஆசனமே இல்லை, யோக சூத்திரமும் தத்துவமும்தான். ஆசனப் பட்டியல் தேடி வாங்கினால் ஏமாற்றமாக இருக்கும். என் அனுபவம் எட்டு மாதம்தான், அதுவும் வெறும் விறைப்பு உள்ள உடம்போடு. முதுகெலும்பு வட்டு விலகியவர், கழுத்து எலும்புத் தேய்மானம் உள்ளவர் முதலில் பிசியோதெரபிஸ்டைப் பார்ப்பதுதான் முறை. புத்தகம் உங்கள் முதுகைத் தொட்டுப் பார்க்காது.

இப்போது முட்டி லேசாக மடங்கியிருந்தால் விரல் தரையைத் தொடுகிறது. நேராக வைத்தால் இன்னும் கெண்டைக்கால் வரைக்கும்தான். 'லைட் ஆன் யோகா' அலமாரியில் இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை படம் பார்க்க எடுப்பேன்.